'சேலம்-க்கு' ஒரு பேருந்து

பேருந்தில் இடம் பிடித்துத் தரும் செயலி ஒன்றைத் தமிழாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேலையை ஏற்கும் மொழிபெயர்ப்பாளருக்குச் செயலியை யாரும் திறந்து காட்டுவதில்லை. எக்செல் கோப்பிலோ, வெப்லேட், கிரௌடின் போன்ற மொழிபெயர்ப்புத் தளத்திலோ ஒரு பட்டியல் வந்து சேரும். அதில் ஒரு பகுதி இப்படி இருக்கும்:

```
Book
Stop
Left
Window
Upper
Apply
Cancel
Bus to %s
Arriving in %d min
```

திரையில் தோன்றும் சொற்களையெல்லாம் நிரலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைப்பது மென்பொருள்காரர்களின் வழக்கம். அப்படிப் பிரித்த ஒவ்வொரு துண்டையும் ஸ்ட்ரிங் என்பார்கள். ஆங்கிலக் கோப்புக்குப் பக்கத்தில் தமிழ்க் கோப்பு ஒன்றையும் வைத்துவிட்டால், போனில் எந்த மொழி இருக்கிறதென்று பார்த்துச் செயலி தானே உரிய கோப்பை எடுத்துக்கொள்ளும். `%s` இருக்குமிடத்தில் ஒரு பெயரும், `%d` இருக்குமிடத்தில் ஓர் எண்ணும் செயலி ஓடும்போது வந்து உட்காரும். ஏற்பாட்டில் குறையில்லை. ஆனால் பிரித்தெடுக்கும்போது சொல் மட்டும்தான் வெளியே வருகிறது. அது எந்தத் திரையில், எதன் பக்கத்தில், எதைப் பற்றிச் சொல்லப்பட்டது என்பதெல்லாம் நிரலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

ஆங்கிலத்துக்கு இதனால் பெரிய நட்டமில்லை. `Stop` என்பது பெயராகவும் இருக்கும், ஏவலாகவும் இருக்கும். சொல்லின் உருவம் மாறாது. தமிழில் 'நிறுத்தம்' வேறு, 'நிறுத்து' வேறு. `Left` என்பது இடப்பக்க இருக்கையாக இருக்கலாம், மீதமுள்ள இருக்கையாக இருக்கலாம், வண்டி புறப்பட்டுப் போய்விட்ட செய்தியாகவும் இருக்கலாம். `Apply` என்ற பொத்தான் ஏ.சி. வண்டிகளை மட்டும் வடிகட்டிக் காட்டுவதற்கா, தள்ளுபடிக் கூப்பனைச் சேர்ப்பதற்கா என்று தெரியாமல் 'விண்ணப்பிக்கவும்' என்று எழுதப்பட்ட செயலிகள் உண்டு. கூப்பனைத் தட்டியவர் யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று விழிப்பார்.

இதற்கு மருந்தாக முதலில் எல்லோரும் கை நீட்டுவது சொற்பட்டியலை நோக்கித்தான். அது தேவையும்கூட. ஆனால் கணினித் தமிழுக்கென்று ஏற்கெனவே இருக்கும் பட்டியல்களில் ஒன்றை அப்படியே இறக்கினால் பேருந்துச் செயலி படும் பாட்டைப் பாருங்கள். கணினிப் பட்டியலில் `Window` என்றால் சாளரம், `Driver` என்றால் இயக்கி, `Platform` என்றால் தளம். மூன்றும் அந்தந்த இடத்தில் நல்ல சொற்கள்தாம். இங்கே வந்தால் ஜன்னலோர இருக்கை 'சாளர இருக்கை' ஆகிவிடும்; ஓட்டுநர் 'இயக்கி' ஆவார்; 5-ஆம் நடைமேடையில் நிற்க வேண்டிய வண்டி '5-ஆம் தளத்தில்' நிற்கும்.

ஆகவே பட்டியலைச் சொல்லின்படி அமைக்காமல் பொருளின்படி அமைக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஆங்கிலச் சொல், இந்தச் செயலியில் அதற்கு என்ன பொருள் என்று ஒரு வாக்கியம், தேர்ந்த தமிழ்ச்சொல், இடம் குறைவான பொத்தானுக்குச் சுருக்க வடிவம், பயன்படுத்தக் கூடாத சொல் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் அதற்குத்தான் மதிப்பு அதிகம். காரணம், தமிழில் 'பதிவு' என்றொரு சொல் எல்லா வேலையையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறது. புதுக் கணக்குத் தொடங்குவது பதிவு, இடம் பிடிப்பது பதிவு, குரலை ஒலிப்பதிவு செய்வதும் பதிவு, வலைப்பக்கத்தில் எழுதுவதும் பதிவு. ஒரே திரையில் மேலே 'பதிவு செய்', கீழேயும் 'பதிவு செய்' என்று இரண்டு பொத்தான்கள் இருந்தால், தனித்தனியாகப் பார்க்கும்போது இரண்டும் சரியான மொழிபெயர்ப்பே. சேர்ந்து நிற்கும்போது பயணிக்கு எதைத் தட்டுவது என்று தெரியாது. பட்டியலில் `Book` என்றால் 'முன்பதிவு செய்', `Register` என்றால் 'கணக்கு தொடங்கு', வெறும் 'பதிவு' எங்கும் கூடாது என்று எழுதிவைத்தால் இந்தக் குழப்பம் எழாது.

டிக்கெட்டா, பயணச்சீட்டா என்ற சண்டையும் பட்டியலில்தான் முடிய வேண்டும். நடத்துநரிடம் பயணி எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்பாரோ அதையே செயலியும் சொல்லட்டும் என்பது என் கட்சி, எனவே டிக்கெட். பயணச்சீட்டு என்று எழுதினாலும் தவறில்லை. பத்துத் திரையில் ஒன்றும் பதினோராவதில் மற்றொன்றும் வருவதுதான் தவறு. அதே செயலி யாழ்ப்பாணத்திலும் ஓடப்போகிறது என்றால் பட்டியலில் இன்னொரு பத்தி வேண்டும். அங்கே ஓட்டுநர் சாரதி, இருக்கை ஆசனம். ஆண்ட்ராய்டில் பொதுத் தமிழ்க் கோப்பை `values-ta` என்ற அடைவில் வைத்துவிட்டு, இலங்கைக்கு வேறுபடும் வரிகளை மட்டும் `values-ta-rLK` என்ற அடைவில் வைத்தால் போதும். மற்றவற்றைச் செயலி பொதுக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

பட்டியலோடு சேர்த்து முடிவுசெய்ய வேண்டிய இன்னொன்று மரியாதை. 'சேமி' என்றால் பயணியை ஒருமையில் அழைப்பதாகாதா என்று வாடிக்கையாளர் தரப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். பொத்தானில் பேசுபவர் யார் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். அங்கே பயணி இயந்திரத்துக்குக் கட்டளையிடுகிறார், அதனால் 'சேமி', 'நீக்கு', 'தேடு' போதும். 'கைபேசி எண்ணை உள்ளிடவும்' என்பது இயந்திரம் பயணியிடம் கேட்டுக்கொள்வது. அங்கே 'உம்' இல்லாமல் எழுதக் கூடாது.

இவ்வளவு செய்த பிறகும் `Bus to %s` என்ற வரி அப்படியே நிற்கும். சொற்பட்டியல் எட்டாத இடம் இது. `%s` இருக்குமிடத்தில் ஊர்ப்பெயர் வரும் என்று தெரிகிறது. '%s-க்குச் செல்லும் பேருந்து' என்று எழுதிவிடலாம்தான். மதுரை வந்தால் 'மதுரை-க்கு', திருச்சி வந்தால் 'திருச்சி-க்கு'. நடுவில் கோடு உறுத்தினாலும் படித்துவிடலாம். சேலம் வந்தவுடன் குட்டு உடைந்துவிடும். சேலத்துக்கு என்று மாற வேண்டியது 'சேலம்-க்கு' என்று நிற்கும். ஈரோடு ஈரோட்டுக்கு ஆக வேண்டும், திண்டுக்கல் திண்டுக்கல்லுக்கு ஆக வேண்டும். வேற்றுமை உருபு சேரும்போது தமிழ்ப் பெயர் தன் வாலை மாற்றிக்கொள்கிறது. இயந்திரமோ பெயரை அப்படியே கொண்டுவந்து ஒட்டுகிறது. ஒவ்வொரு ஊருக்கும் நான்காம் வேற்றுமை வடிவத்தைத் தனியாகச் சேமித்துவைக்கலாம். ஆயிரக்கணக்கான நிறுத்தங்கள் உள்ள செயலியில் அந்த வேலைக்கு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பேருந்து நிலைய ஒலிபெருக்கியைக் கேட்டவர்களுக்கு வழி தெரிந்திருக்கும். 'மதுரை செல்லும் பேருந்து' என்றுதான் அறிவிப்பார்கள். உருபே தேவையில்லை. `%s செல்லும் பேருந்து` என்று எழுதினால் சேலமும் ஈரோடும் எந்த மாற்றமும் இல்லாமல் பொருந்திவிடும். ஊர்ப்பெயருக்குப் பதில் கோப்பின் பெயரோ ஆளின் பெயரோ வரும் வரிகளில் 'என்ற' கைகொடுக்கும். `'%s' என்ற பயணியை நீக்கவா?` என்று எழுதினால் உருபு 'பயணி' மேல் ஏறிக்கொள்ளும். பெயர் எதுவானாலும் கவலையில்லை. இதற்கெல்லாம் `%s` என்பது ஊரா, ஆளா, வண்டி எண்ணா என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

`Arriving in %d min` இன்னும் சூட்சுமமானது. இதில் எழுவாயே கிடையாது. ஆங்கிலத்துக்கு அது வேண்டியதில்லை. தமிழ் வினை திணையைக் காட்டாமல் முடியாது. வருவது பேருந்து என்றால் 'வருகிறது', வீட்டுக்கு வந்து அழைத்துப்போகும் கார் ஓட்டுநர் என்றால் 'வருகிறார்'. ஒரே ஸ்ட்ரிங்கை நிரலர் இரண்டு திரைகளிலும் பயன்படுத்தியிருந்தால் எதை எழுதினாலும் ஒரு திரையில் தவறாகும். ஓட்டுநரின் படத்துக்குக் கீழே '5 நிமிடத்தில் வருகிறது' என்று வருவது மொழித்திறமைக் குறைவால் நேர்வதில்லை. பட்டியலில் அந்தப் படம் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் மொழிபெயர்ப்பாளர் நிரலருக்கு எழுதும் கேள்விகள்தாம் இந்த வேலையின் பாதி. இது பொத்தானா, தலைப்பா, செய்தியா? எதைத் தட்டினால் வருகிறது? குறியிடத்தில் என்ன வந்து உட்காரும்? எத்தனை எழுத்துக்கு இடம் இருக்கிறது? பதில்களை மின்னஞ்சலில் வாங்கிப் புதைத்துவிடாமல் கோப்பிலேயே ஏற்றச் சொல்ல வேண்டும். அதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. கட்டற்ற மென்பொருள்களில் பரவலாகப் புழங்கும் கெட்டெக்ஸ்ட் முறையில் ஒரே ஆங்கிலச் சொல்லை இரண்டு தனி வரிகளாகப் பிரிப்பது இப்படி:

```
#. Button below the fare. Verb.
msgctxt "seat page"
msgid "Stop"
msgstr "நிறுத்து"

#. Column heading in the route list. Noun.
msgctxt "route"
msgid "Stop"
msgstr "நிறுத்தம்"
```

`#.` என்று தொடங்குவது நிரலர் விட்டுவைக்கும் குறிப்பு. `msgctxt` என்பதுதான் இரண்டு வரிகளையும் வேறு வேறு என்று இயந்திரத்துக்குச் சொல்வது. அது இல்லாவிட்டால் இரண்டு `Stop`-களும் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பாளராலும் பிரிக்க முடியாது.

இதைச் சீராகச் செய்துகாட்டுவது விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி. அதன் தமிழாக்கத்தைத் தன்னார்வலர்கள் translatewiki.net தளத்தில் செய்கிறார்கள். உலகில் எந்த மொழிக்கும் ஒதுக்கப்படாத மூன்றெழுத்துக் குறியீடுகள் சில உண்டு. அவற்றில் `qqq` என்பதை ஒரு மொழிபோல நடத்தி, ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் உரிய விளக்கத்தை அதில் எழுதிவைக்கிறார்கள். அங்கே `m` என்று ஒற்றை எழுத்தாக ஒரு ஸ்ட்ரிங் உண்டு. மீட்டரா, நிமிடமா, மாதமா? அதன் சாவிப்பெயர் `minoreditletter`. சிறு திருத்தம் என்பதைக் குறிக்கும் எழுத்து என்று அப்போதுதான் புரியும். தமிழ் விக்கிப்பீடியாவில் அது 'சி' என்று தெரிகிறது.

அதே குடும்பத்தில் `qqx` என்றொரு குறியீடும் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் ஏதாவதொரு பக்க முகவரியின் கடைசியில் `?uselang=qqx` என்று சேர்த்துத் திறந்து பாருங்கள். பட்டிகளில் உள்ள சொற்கள் மறைந்து, அந்தந்த இடத்தில் ஸ்ட்ரிங்குகளின் சாவிப்பெயர்கள் தோன்றும். திரையில் ஒரு பிழையைக் கண்டால் அது கோப்பின் எந்த வரி என்று தேடி அலைய வேண்டியதில்லை.

இனி அந்தத் திரைக்கு வருவோம். கோப்பில் எல்லாம் சரி என்று கையெழுத்திட்ட பிறகு, சோதனைப் பதிப்பை ஒரு போனில் நிறுவி, மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தளவைப் பெரிதாக வைத்துக்கொள்ள வேண்டும். போன் சின்னதாக இருந்தால் நல்லது. பக்கம் பக்கமாகப் பார்ப்பதைவிட ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவுவரை செய்து பார்ப்பதே பயன் தரும். சேலத்திலிருந்து மதுரைக்கு இரவு வண்டியில் ஒரு படுக்கை பிடிக்க வேண்டும். பிறகு அதை ரத்து செய்ய வேண்டும். செய்பவர் மொழிபெயர்த்தவராக இருக்கக் கூடாது, ஆங்கில வடிவத்தைப் பார்த்தவராகவும் இருக்கக் கூடாது.

படுக்கை வரைபடத்திலேயே முதல் தடங்கல் வரும். `Upper`, `Lower` என்பவற்றுக்கு 'மேல்', 'கீழ்' என்று கொடுத்திருக்கிறோம். கட்டத்துக்குள் இடமில்லை என்று நிரலர் முதலெழுத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிறார். ஆங்கிலத்தில் U, L என்று அழகாக வந்தது. தமிழில் 'மே', 'கீ' வர வேண்டும். வருவது 'ம', 'க'. யூனிகோடில் 'கீ' என்பது ஓர் எழுத்தாக இல்லை. 'க' ஒரு குறியீடு, அதன் மேல் ஏறும் ஈகாரக் குறி இன்னொரு குறியீடு. 'மே' கண்ணுக்கு இரட்டைக் கொம்பில் தொடங்கினாலும் உள்ளே 'ம' முதலிலும் கொம்பு பிறகும்தான் இருக்கின்றன. நிரல் முதல் குறியீட்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டது. இதுதான் காரணமா என்று உறுதிப்படுத்துவது எளிது. பக்கத்தில் பயணியின் பாலினக் குறி இருந்தால் பாருங்கள். 'ஆண்' என்பதற்கு 'ஆ' சரியாக வந்து, 'பெண்' என்பதற்கு 'ப' மட்டும் வந்தால் குற்றவாளி பிடிபட்டுவிட்டார். 'ஆ' ஒற்றைக் குறியீடு என்பதால் தப்பித்தது.

அடுத்தது உயரம். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழை ஊற்றினால் மேல் விளிம்பில் புள்ளி அறுபடும். 'மேல்' என்பது 'மேல' ஆகிவிடும். பேச்சுவழக்கில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பலர் கடந்துபோய்விடுவதால் இது எளிதில் சிக்காது. கோப்பில் புள்ளி இருந்து திரையில் இல்லையென்றால், குறை மொழிபெயர்ப்பில் இல்லை, வரி உயரத்தில் இருக்கிறது. அகலத்தைப் பொறுத்தவரை நிரலர்களுக்கு ஓர் எளிய முன்சோதனை உண்டு. ஆண்ட்ராய்டில் `en-XA` என்ற போலி மொழியைத் தேர்ந்தால் எல்லா ஆங்கிலச் சொற்களும் குறிகள் ஏறி நீண்டு தெரியும். எங்கே வெட்டுப்படும் என்று தமிழ் வருவதற்கு முன்பே கண்டுகொள்ளலாம். ஆனால் அதில் வருவது ரோமன் எழுத்துதான், புள்ளி அறுபடுவதை அது காட்டாது.

முன்பதிவு முடிந்ததும் குறுஞ்செய்தி வர வேண்டும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் கலந்துவிட்டால் ஒரு செய்திக்கு 70 குறியீடுகள்தான். 'முன்பதிவு' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. இயந்திரத்துக்கு ஒன்பது குறியீடு. எனவே எழுபதில் ஏறத்தாழ நாற்பது எழுத்துதான் தேறும். அதைத் தாண்டினால் ஒரு செய்தி இரண்டு மூன்றாகப் பிரிந்து போகும், நிறுவனத்துக்குக் கட்டணமும் அதற்கேற்ப ஏறும். அதனால் குறுஞ்செய்திக்கு மட்டும் பட்டியலின் சுருக்க வடிவங்களை எடுத்து, முழு வாக்கியத்தை விட்டு 'சேலம்–மதுரை, இரவு 10:30, கீழ் 7' என்று முடிப்பதே நடைமுறை.

பிறகு ரத்து. 'ரத்து செய்' என்ற பொத்தானைத் தட்டியதும் சிறு பெட்டி ஒன்று எழுகிறது. 'டிக்கெட்டை ரத்து செய்யவா?' என்ற கேள்வி. கீழே இரண்டு பொத்தான்கள்: 'ரத்து செய்', 'சரி'. சோதிப்பவர் 'ரத்து செய்' என்பதைத் தட்டுகிறார். பெட்டி மறைகிறது. டிக்கெட் ரத்தாகிவிட்டது என்று நம்பிப் போனைக் கீழே வைக்கிறார். உண்மையில் அவர் ரத்து செய்தது அந்தக் கேள்வியை. டிக்கெட் அப்படியே இருக்கிறது, பணமும் திரும்பாது. இரண்டு `Cancel`-களும் கோப்பில் ஒரே வரி. எல்லாப் பெட்டிகளிலும் 'ரத்து செய்' என்று வருவதால் சொற்பட்டியலின்படியும் குறையில்லை. இந்த ஒரு திரையில் மட்டும் அது பயணியைக் கவிழ்க்கிறது. இதைத் திருத்த மொழிபெயர்ப்பாளரால் தனியாக முடியாது. நிரலர் இந்தப் பெட்டிக்கென்று புதிதாக இரண்டு ஸ்ட்ரிங்குகளை உண்டாக்க வேண்டும். அவற்றில் 'டிக்கெட்டை ரத்து செய்', 'வேண்டாம், இருக்கட்டும்' என்று எழுதலாம். ஆங்கிலப் பதிப்பிலும் இதே குழி இருந்தது என்று அப்போது தெரியவரும். தமிழ்த் திரையைச் சோதிப்பதில் ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் இலவச லாபம் அது.

பிழையைத் தெரிவிக்கும்போது திரைப்படத்தோடு, சாவிப்பெயர், இப்போது இருப்பது, இருக்க வேண்டியது ஆகிய மூன்றையும் எழுதி, யார் திருத்த வேண்டும் என்பதையும் குறிப்பிட்டால் காரியம் நடக்கும். பிரித்தறியவும் ஓர் அளவுகோல் உண்டு. கோப்பிலேயே தவறு என்றால் மொழிபெயர்ப்பாளர் திருத்தலாம். கோப்பில் சரியாக இருந்து திரையில் சிதைந்தால் நிரலரோ வடிவமைப்பாளரோ திருத்த வேண்டும். ஒரு திரையில் சரி, இன்னொன்றில் தவறு என்றால் ஸ்ட்ரிங்கைப் பிரிக்க வேண்டும்.

வெளியீட்டுக்குப் பிறகும் ஒரு வேலை பாக்கி. அடுத்த பதிப்பில் யாரோ `Cancel ticket?` என்பதை `Cancel this ticket?` என்று மாற்றுவார்கள். கெட்டெக்ஸ்ட் கருவி பழைய தமிழ் வரியைத் தூக்கி எறியாது. `fuzzy` என்று முத்திரை குத்தி, சரிபார்க்கக் கேட்டு ஓரமாக வைக்கும். முத்திரை விழுந்த வரிகளைச் செயலியில் சேர்க்காமல் விடுவது அதன் இயல்பு. யாரும் பார்க்காவிட்டால் அந்த இடத்தில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நன்றாகத் தமிழில் ஓடிக்கொண்டிருந்த செயலியில் திடீரென்று நடுவில் ஓர் ஆங்கிலக் கேள்வி எழுந்தால், பெரும்பாலும் யாரும் திறக்காத `fuzzy` பட்டியல் ஒன்று எங்கோ காத்திருக்கிறது.